வாய்ப்பான வாதம், திடமான வாதம்: கல்பிட்டிக் கிணற்றடியில் ஒரு பாடம்

எங்கட வீடுகளில் யாராவது விடாமல் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் "பெரிய லொஜிக் கதைக்கிறா" என்று ஒரு பேச்சு வரும். அதில் பாதி பாராட்டு, பாதி எரிச்சல். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விசயங்கள் கிடக்கின்றன. சொன்னவற்றிலிருந்து முடிவு ஒழுங்காகப் பிறக்கிறதா என்பது ஒன்று. சொன்னவை முதலில் உண்மையா என்பது மற்றது. கலைப்பீடத்தில் அளவையியல் எடுத்த நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் கல்பிட்டி, ஒருத்தி தலவில, ஒருவன் உடப்பு. லீவுக்கு ஊர் வருகிற பஸ்ஸில் நாங்கள் அதிகம் சண்டை பிடித்தது இந்த இரண்டையும் பற்றித்தான்.

கல்பிட்டிக் கடலுக்கு டொல்பின் பார்க்க வருடக் கடைசியில் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அந்த டொல்பினை வைத்தே தொடங்கலாம்.

மீன்கள் எல்லாம் செவுளால் சுவாசிக்கும்.
டொல்பின் ஒரு மீன்.
ஆகவே, டொல்பின் செவுளால் சுவாசிக்கும்.

முடிவு பிழை என்று எல்லோருக்கும் தெரியும். டொல்பின் பாலூட்டி, மூச்செடுக்க மேலே வருகிறது. அதைப் பார்க்கத்தான் ஆட்கள் காசு கொடுத்துப் படகில் போகிறார்கள். ஆனால் வாதத்தின் கட்டமைப்பில் ஒரு பிழையும் இல்லை. மேலே உள்ள இரண்டு கூற்றுகளும் உண்மையாக இருந்தால் மூன்றாவது உண்மையாக இருந்தே தீரவேண்டும். இப்படிப்பட்டதைத்தான் பாடப்புத்தகம் 'வாய்ப்பான வாதம்' என்கிறது. (இந்த 'வாய்ப்பு' சந்தர்ப்பம் என்ற வாய்ப்பு இல்லை. உயர்தர வகுப்பில் முதல் கிழமை முழுக்க இந்தச் சொல்லே எங்களைக் குழப்பியது.) முடிவுக்கு ஆதாரமாக வைக்கிற கூற்றுகளுக்கு எடுகூற்று என்று பெயர். வாதம் வாய்ப்பானதாகவும் இருந்து, எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் இருந்தால் அது திடமான வாதம். மேலே உள்ளது வாய்ப்பானது, ஆனால் திடமானதில்லை. 'டொல்பின் ஒரு மீன்' என்ற ஒரே ஒரு கூற்று அதைக் கவிழ்த்துவிட்டது.

இப்போது இதைப் பாருங்கள்.

பாலூட்டிகள் எல்லாம் கடலில் வாழும்.
டொல்பின் ஒரு பாலூட்டி.
ஆகவே, டொல்பின் கடலில் வாழும்.

இந்த முறை முடிவு சரி. ஆனால் முதல் எடுகூற்று அபத்தம். வாசலில் நிற்கிற ஆடும் பாலூட்டிதான். இதுவும் வாய்ப்பானது, இதுவும் திடமானதில்லை. ஒரு வாதம் திடமில்லாமல் போனதால் அதன் முடிவு பொய் என்று ஆகிவிடாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

எடுகூற்றுகள் உண்மையாக இருந்தும் கட்டமைப்பு கோணலாகிப் போகிற வாதங்களும் உண்டு. புத்தளத்து உப்பளப் பக்கம் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்: "விடாம மழை பெஞ்சா உப்பு விளையாது. இந்தப் போகம் உப்பு விளையல்ல. அப்ப விடாம மழை பெஞ்சிருக்கு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மழை உண்மையிலேயே பெய்தும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு கூற்றுகளிலிருந்து அது வராது. வரம்பு உடைந்திருக்கலாம், வேலைக்கு ஆள் கிடைக்காமல் போயிருக்கலாம். கட்டமைப்பைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே அச்சில் வேறு சொற்களைப் போட்டுப் பார்ப்பது. "ஆடு செத்தால் புல் தின்னாது. இந்த ஆடு புல் தின்னவில்லை. ஆகவே ஆடு செத்துவிட்டது." ஆடோ வயிறு நிறைந்து அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. எடுகூற்றுகள் உண்மை, முடிவு பொய். அப்படி ஒரேயொரு உதாரணம் அகப்பட்டாலே போதும், அந்த அச்சு வாய்ப்பற்றது.

இவ்வளவும் கொப்பியில் செய்துவிடலாம். நாங்கள் இந்தப் பாடத்தை உயர்தரத்தில் தொடங்கிய காலத்தில், கொப்பிக்கு வெளியே நாடே ஒரு வாதத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

2020 ஏப்ரல் 11இல் வெளிவந்த வர்த்தமானி, கோவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம்களுக்கு மையித்தை அடக்குவது கடமை. கிறிஸ்தவர்களிலும் பலர் அடக்கம் செய்வதையே விரும்புகிறவர்கள். கல்பிட்டியிலிருந்து தலவில வரைக்கும் இது எத்தனை வீடுகளின் நித்திரையைக் கெடுத்தது என்று எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருத்தியின் உம்மம்மாவுக்கு அந்த வருடக் கடைசியில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்ததும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் மகள். அங்க மௌத்தானா எரிச்சிருவாங்க" என்றாராம். நல்லவேளையாக அது சாதாரணக் காய்ச்சல்தான். அது மட்டும் கோவிட்டாக இருந்திருந்தால், அந்தப் பயமே அவரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்திருக்கும்.

எரிப்பதற்காகச் சொல்லப்பட்ட காரணத்தைத் தொலைக்காட்சிக் கூச்சலிலிருந்து பிரித்து எடுத்து எழுதினால் இப்படி வரும்.

நிலத்தடி நீர் வழியாக நோயைப் பரப்பும் எதையும் மண்ணில் புதைக்கக் கூடாது.
கோவிட்டால் இறந்தவரின் உடல் நிலத்தடி நீர் வழியாக நோயைப் பரப்பும்.
ஆகவே, கோவிட்டால் இறந்தவரின் உடலை மண்ணில் புதைக்கக் கூடாது.

அச்சு பழுதில்லாதது. ஆட்டையும் டொல்பினையும் மாற்றி மாற்றிப் போட்டாலும் உடையாது. அதனால்தான் அது அவ்வளவு பேருக்குப் பிடித்தது என்று நினைக்கிறோம். அதிலும் எங்கட ஊரில் அதற்குக் கூடுதல் வலு இருந்தது. கல்பிட்டித் தீபகற்பம் முழுக்க மணல். கீழே உப்புத் தண்ணீர். அதன்மேல் மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர் ஒரு படைபோல மிதக்கிறது. சில அடிகள் தோண்டினாலே தண்ணீர் கண்டுவிடும். மேலே எது விழுந்தாலும் கீழே இறங்கும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விசயம். ஆகவே இரண்டாவது எடுகூற்றைக் கேட்டதும் "ஓம், சரிதானே" என்று தலையாட்டத் தோன்றும்.

ஆனால் மணலும் ஆழமில்லாத தண்ணீரும் அந்தக் கூற்றின் பாதிதான். எதுவும் கீழே இறங்கலாம் என்பதோடு கதை முடியவில்லை. இறங்குகிற பொருள் உயிரோடு, தொற்றக்கூடிய நிலையில், கிணற்றுக்கு வந்து, அதைக் குடிக்கிறவரைத் தொற்றவேண்டும். வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும். செத்த உடலில் பெருக அதற்கு வழியில்லை. கோவிட் வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னது அதை உடைக்கத்தான். உடலுக்கு வெளியே அது வெகுநாள் தாக்குப்பிடிக்கிற சாமான் இல்லை. அது பரவியதும் மூச்சு வழியாக, தண்ணீர் வழியாக அல்ல. இலங்கையில் பிறந்து ஹொங்கொங்கில் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் மலிக் பீரிஸ் அந்த நாட்களிலேயே இது நீரால் பரவும் நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24இலேயே, அதாவது வர்த்தமானிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே, கோவிட் உடல்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்பது பரவலான கட்டுக்கதை என்றும் அதில் எழுதியிருந்தது.

அப்படியென்றால் இரண்டாவது எடுகூற்று பொய். வாதம் வாய்ப்பானது, திடமானதில்லை. கொப்பியில் டொல்பினை மீன் என்று எழுதியதும் இதுவும் ஒரே வகைப் பிழை. இந்தப் பிழைக்கு மட்டும் சுடலையில் நெருப்பு எரிந்தது.

இதை நாங்கள் விவாதித்தபோது உடப்பு நண்பன் ஒரு கேள்வி கேட்டான். "ஏப்ரல் மாசம் யாருக்கு என்ன நிச்சயமாத் தெரியும்? தெரியாத நேரத்தில் அந்த வாதம் திடமா இல்லையா?" நல்ல கேள்வி. திடம் என்பது எடுகூற்று உண்மையா என்பதைப் பொறுத்தது. யாருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்ததில்லை. 2020 ஏப்ரலிலும் அந்த வாதம் திடமற்றதுதான், எவருக்கும் தெரியாமல் இருந்திருந்தாலும்கூட. அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் என்ன சான்று இருந்தது என்பது வேறு கேள்வி. அளவையியல் ஆசிரியர் வாய்ப்பைக் கதிரையில் இருந்தபடியே பார்த்துச் சொல்லிவிடுவார். திடத்தைப் பார்க்க வைரஸ் தெரிந்தவரிடம் போகவேண்டும், மண் தெரிந்தவரிடமும் போகவேண்டும்.

நண்பனின் கேள்வியை நாட்டில் பலரும் வேறு வடிவில் எடுத்தார்கள். 'பரவும்' என்று சொல்வதை மெல்லக் கைவிட்டு, 'பரவாது என்று நிரூபிக்கப்படவில்லையே' என்று சொல்லத் தொடங்கினார்கள். இது பழைய வாதத்தின் ஒட்டுப்போட்ட பதிப்பு இல்லை, புதிய வாதம். இதற்கு ஒரு புதிய எடுகூற்று வேண்டும்: 'பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படாத எதையும் மண்ணுக்குள் விடக்கூடாது.' இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் இது இல்லாமல் முடிவு வராது. சொல்லாமல் விடப்பட்ட எடுகூற்றை எழுதிப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். உயிரோடு இருந்த கோவிட் நோயாளிகளின் மலத்தில் வைரஸின் தடயங்கள் இருந்தன. எங்கட பக்கம் வீட்டுக்கு வீடு குழி மலசலகூடம்தான், கிணறும் அதே வளவில்தான். அந்த எடுகூற்றின்படி முதலில் மூடவேண்டியது மலசலகூடங்களை. யாரும் மூடச் சொல்லவில்லை. இதனால் அந்த எடுகூற்று பொய் என்று நிரூபணம் ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். அதைச் சொன்னவர்களே அதை நம்பவில்லை என்று மட்டும்தான் இது காட்டுகிறது. ஆனால் அவ்வளவு தெரிந்தால், அந்த வாதத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை.

எங்கட பக்கத்து வாதங்களையும் இதே தராசில் போடவேண்டும், இல்லாவிட்டால் இது பாடமில்லை, கட்சி. உம்மம்மா சொன்னாராம்: "நம்ம மையவாடிக்கு அடுத்த வளவுலதான் கிணறு. நாப்பது வருசமாக் குடிக்கிறோம், ஒண்ணும் ஆகல்லையே." மனதுக்கு இதமான பேச்சு. ஆனால் அந்த நாற்பது வருடத்தில் அடக்கப்பட்டவர்கள் யாரும் கோவிட்டால் மௌத்தானவர்கள் இல்லை. ஆகவே கோவிட் பற்றிய முடிவு அதிலிருந்து வராது. 'உலகமெல்லாம் அடக்க விடுகிறார்கள், ஆகவே ஆபத்தில்லை' என்பதும் வட்ஸ்அப்பில் நிறையச் சுற்றியது. அதற்கு நடுவில் 'உலகமெல்லாம் செய்வது ஆபத்தில்லாதது' என்ற கூற்று வேண்டும், அது உண்மையில்லை. உலகமெல்லாம் சிகரெட் குடிக்கிறார்கள். 'முஸ்லிம்களைப் பிடிக்காதவர்கள்தான் இதை ஆதரிக்கிறார்கள், ஆகவே இது பிழை' என்பது எங்களில் பலருடைய வாயில் வந்தது. முதல் பாதியில் நிறைய உண்மை இருந்திருக்கலாம். ஆனால் பிடிக்காதவர் சொன்னாலும் தண்ணீர் கெடுமென்றால் கெடும்தான்.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன விசயம் இங்கேதான் வருகிறது. எரிக்கச் சொன்ன வாதத்தைக் கவிழ்த்துவிட்டால், அடக்குவது பாதுகாப்பானது என்று நிரூபித்ததாக ஆகாது. கவிழ்ந்த வாதத்தின் முடிவு அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான். அடக்கலாம் என்பதற்குத் தனியாக ஒரு வாதம் வேண்டியிருந்தது. அது இருந்தது: 'இறந்த உடலிலிருந்து நீர் வழியாகத் தொற்றாத நோய்க்கு, வழமையான கவனத்தோடு அடக்கலாம், இது அப்படியான நோய், ஆகவே அடக்கலாம்.' இந்த இரண்டாவது கூற்றுக்குப் பின்னால்தான் வைரஸ் ஆய்வாளர்களின் சான்று நின்றது. 2021 தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்ற நிலைப்பாட்டைச் சொன்னது.

திடமான வாதம் கையில் இருந்தும் காரியம் நடக்கவில்லை. 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவாக மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தையின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. மார்ச் 5இல் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. புத்தளத்தில் மௌத்தானவரையும் நாட்டின் மறு கரைக்குத்தான் கொண்டுபோகவேண்டியிருந்தது. கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். அந்த இடைக்காலத்தில் தண்ணீரும் மாறவில்லை, வைரஸின் தன்மையும் மாறவில்லை.

இந்தக் கதையில் எங்களை இன்னும் உறுத்துகிற ஒரு விசயம், அதே அச்சில் ஒரு திடமான வாதம் எங்கட கிணற்றடியிலேயே கிடக்கிறது என்பது.

நிலத்தடி நீரைக் கெடுக்கும் எதையும் கணக்கில்லாமல் மண்ணில் போடக் கூடாது.
பயிர் உறிஞ்சாமல் மிஞ்சுகிற நைதரசன் உரம் நிலத்தடி நீரைக் கெடுக்கும்.
ஆகவே, மிஞ்சும் அளவுக்கு நைதரசன் உரத்தை மண்ணில் போடக் கூடாது.

சொற்களைத் தவிர எதுவும் மாறவில்லை. ஆனால் இங்கே இரண்டாவது கூற்று அளந்து பார்த்தது. கல்பிட்டியில் வெங்காயம், மிளகாய் என்று வருடம் முழுக்கப் பயிர் நிற்கிறது. மணல் உரத்தைப் பிடித்துவைக்காது என்பதால் தோட்டக்காரர் அடிக்கடி போடுகிறார், தண்ணீரையும் அடிக்கடி இறைக்கிறார். மிஞ்சும் நைதரசன் நைத்திரேற்றாக மாறுகிறது. அது நீரில் நன்றாகக் கரையும், மணலில் ஒட்டாது. ஆகவே இறைத்த தண்ணீரோடு சேர்ந்து கீழே போய்விடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. 1980கள் தொட்டு இங்கே செய்யப்பட்ட ஆய்வுகள் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகளைக் கண்டிருக்கின்றன. இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம்பாரிக்கலாம். மையித்துக்காகக் கிணற்றைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட நாட்டில், இந்தக் கவலைக்கு ஒரு தொலைக்காட்சி விவாதத்தையும் நாங்கள் கண்டதில்லை.

தோட்டக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 'மிஞ்சும் அளவு' எது என்பதுதான் கஷ்டமான இடம். அது பயிருக்குப் பயிர், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். வாதம் திடமானது என்பதற்காக எவ்வளவு குறைக்கவேண்டும் என்று அது சொல்லாது.

கடைசியாக, போன லீவில் எங்களில் ஒருத்தியின் ராத்தா கைக்குழந்தையோடு சொன்ன ஒரு வாதம். "கொதிக்க வெச்ச தண்ணி பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது. நான் கொதிக்க வெச்சுத்தான் பால் கரைக்கிறேன். அப்ப பிரச்சினை இல்ல." மேலே உள்ளவற்றைப் படித்தவர்களுக்கு இது வாய்ப்பான வாதம் என்று தெரியும். கிருமிக்கு அந்த முதல் கூற்று சரி. நைத்திரேற்றுக்குச் சரியில்லை. அது கொதித்தால் சாகிற உயிரல்ல, உப்பு மாதிரிக் கரைந்து கிடக்கிற பொருள். கொதிக்கக் கொதிக்க நீராவி போகும், நைத்திரேற்று பானையிலேயே நிற்கும், மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடும். ராத்தா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். அடுத்த நாள் காலையில் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து மூடி, அதை எங்கே கொடுத்துப் பரிசோதிக்கலாம் என்று கேட்டார்.